நானே நின்னுட்டேன்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்களில் ஒருத்தியைக்கூட இதுவரை யாரும் வேலையை விட்டு நிறுத்தியதில்லை. சந்தேகமிருந்தால் கேட்டுப் பாருங்கள். "அந்த வீடா? நானே நின்னுட்டேன்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பத்து வருஷமாக அங்கே அத்தனை பேரும் தாமாகவே நின்றுகொண்டிருக்கிறார்கள். நின்ற மறுநாள் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது, அது மரியாதையில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. நிறுத்தப்பட்டவள் என்று தெரிந்தால் அடுத்த வீட்டு வாசலிலேயே "ஏன் நிறுத்தினாங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: என்னத்தை எடுத்தாய்? தானாக நின்றவளிடம் அதைக் கேட்க மாட்டார்கள். அதனால் பொய் சொல்வது அந்தத் தொழிலில் ஒரு தற்காப்பு.

வீட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "நாளையிலிருந்து வராதே" என்று அவர்கள் வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள். சாவியைக் கேட்பார்கள். "பூட்டு மாத்தப் போறோம், சாவிய வச்சுட்டுப் போங்க" என்பார்கள். "ஊர்லேர்ந்து ஆள் வருது, ஒரு சாவி கொறயுது" என்பார்கள். சாவி போனால் வேலை போச்சு, அவ்வளவுதான். சாவியைக் கொடுத்தவள் படியிறங்கி வரும்போதே "நானே நின்னுட்டேன்" தயாராகிவிடும்.

இது சாவியக்காவின் கதை. பெயரைப் பார்த்தாலே தெரியுமே, அவள் இடுப்பில் எப்போதும் ஒரு சாவி வளையம் தொங்கும். முழுநேர வேலை நாலாவது மாடியில் பேங்க் அம்மா வீட்டில்தான். ஆனால் வெளியூர் போகிறவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும், அவசரத்துக்குக் கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்கவும் அவளிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் வருகிறாள் என்பது இரண்டு மாடி தள்ளியே கேட்கும். அவளுடைய மகள் சின்ன வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கதவைத் திறப்பாள், வேறு யார் தட்டினாலும் திறக்க மாட்டாள். புருஷன் இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறான். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் பேச வேண்டாம்.

பேங்க் அம்மா கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிளைக்கு மேனேஜர், காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். சாவியக்காவின் மகள் நர்சிங் படிப்பில் சேர்ந்தபோது தன் பழைய லேப்டாப்பைத் துடைத்து, பையோடு கொடுத்தார். அவருடைய கணவர் ஆடிட்டர். அவரும் கெட்டவர் இல்லை, கணக்கு நேராக இருந்தால் போதும் அவருக்கு. நடக்க முடியாத மாமனார் ஒருவர் வீட்டில் இருந்தார். அவரைக் குளிக்க வைப்பதிலிருந்து மாத்திரை கொடுப்பது வரை சாவியக்காதான்.

ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. "காலையில வந்து சமைச்சு மட்டும் வச்சுட்டுப் போயிடுங்க" என்பது ஏற்பாடு. இந்த "மட்டும்" இருக்கிறதே, அதற்கு வயிறு பெரிது. சமைத்தால் பாத்திரம் விழும், பாத்திரத்தைக் கழுவினால் மேடையைத் துடைக்க வேண்டும், அதற்குள் மாமனார் கூப்பிடுவார், துணி மெஷின் நின்று பீப் பீப் என்று அழும். பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஒரு ஞாயிறும் அவள் அந்த வீட்டுப் படியை இறங்கியதில்லை.

மகள் வீட்டில் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. மகள் விடுதிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. விடுதி பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தது. பெற்றவர்கள் பார்க்க வரலாம், ஞாயிறு மட்டும், நாலு மணிக்குள். சாவியக்கா பாதி நாளில் கிளம்பி, பஸ் மாறி, மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தால் வாசலில் இருக்கும் வார்டன் கடிகாரத்தைக் காட்டுவார். ஒருமுறை கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் மகளும் நின்று, ஒரு டீ குடிக்கும் நேரம் பேசிவிட்டுப் பிரிந்தார்கள். "பரவாயில்லம்மா, நீ அலையாத. போன்லயே பேசிக்கலாம்" என்றாள் மகள். அந்தப் "பரவாயில்ல"தான் சாவியக்காவுக்குத் தாங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு முழு ஞாயிறு. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கேட்டாள். பேங்க் அம்மாவும் அக்கறையாக யோசித்தார். இரண்டு நாள் கழித்து ஒரு தீர்வோடு வந்தார். புதன்கிழமை மதியத்துக்கு மேல் லீவு, ஞாயிறு மதியத்துக்கு மேல் லீவு. "ரெண்டு அரை நாள் சேர்ந்தா ஒரு நாள்தானே?" என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. புதன்கிழமை விடுதிக் கதவு திறக்காது என்பது கணக்கில் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையற்கடையின் மாடியில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கம் இருந்தது. அதை நடத்துகிறவளும் ஒரு காலத்தில் பாத்திரம் தேய்த்தவள்தான், எல்லாருக்கும் அவள் சங்கத்து அக்கா. சாவியக்கா அங்கே போய்ச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்றால் தொடர்ந்து இருபத்து நாலு மணி நேரம், வெட்டி ஒட்டக் கூடாது என்றாள். அந்த நாளில் வேலைக்குக் கூப்பிட வேண்டுமானால் உன் சம்மதம் வேண்டும், அதற்குப் பதில் வேறொரு நாளோ கூடுதல் கூலியோ தர வேண்டும் என்றாள். இதெல்லாம் யாரும் போடும் பிச்சை இல்லை, சட்டம்.

சாவியக்கா வியாழக்கிழமை காலையில் காய் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், இனிமேல் ஞாயிறு முழுவதும் வர முடியாது என்று சொன்னாள். பேங்க் அம்மா கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே "பாக்கலாம்" என்றார்.

இந்த இடத்தில்தான் வினை. சாவியக்கா பிறந்து வளர்ந்த வீட்டில் "பாக்கலாம்" என்றால் சரி என்று அர்த்தம். பேங்க் அம்மாவின் ஆபீசில் "பாக்கலாம்" என்றால் கடன் கிடையாது என்று அர்த்தம். இருவரும் அவரவர் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அந்த ஞாயிறன்று விடிகாலையில் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள் சாவியக்கா. மகள் சாவிச் சத்தத்தைக் கேட்டு மாடியிலிருந்து தடதடவென ஓடி வந்தாள். இரண்டு பேரும் மதியம் மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டார்கள், மகள் எலும்புகளின் பெயரையெல்லாம் ஒப்பித்தாள், சாவியக்கா அவள் மடியிலேயே தலைவைத்துக் கொஞ்ச நேரம் தூங்கிப் போனாள். மகளைப் பார்க்கப் போய்த் தூங்கினேனே என்று பிறகு அவளுக்கு வெட்கமாக இருந்தது. மகளோ அதைத்தான் வாரம் முழுக்கத் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே ஞாயிறு பேங்க் அம்மா வீட்டுக்கு ஆடிட்டரின் வாடிக்கையாளர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார்கள். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை வேலையெல்லாம் முடிந்த பிறகு, செருப்பை மாட்டும்போது, பேங்க் அம்மா வாசல் வரை வந்தார். பூட்டு கொஞ்சம் தகராறு பண்ணுகிறது, மாற்றப்போகிறோம், சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். குரல் மெதுவாக இருந்தது. சாவியக்கா வளையத்திலிருந்து சாவியைக் கழற்றப் பார்த்தாள். ஒன்பது வருஷம் கழற்றாத சாவி, நகம்தான் மடங்கியது. கடைசியில் பேங்க் அம்மாவே கரண்டிக் காம்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கீழே கேட்டில் வாட்ச்மேன், என்னக்கா முகமே சரியில்லையே என்று கேட்டார்.

"நானே நின்னுட்டேன்" என்றாள் சாவியக்கா.

டீக்கடையில் அது இன்னும் வளர்ந்தது. அங்கே வீராங்கனை இருந்தாள். அது பட்டப்பெயர். ஆறேழு வீடுகளில் சாவியை மேசைமேல் வீசிவிட்டு வந்ததாக அவளே சொல்லும் கதைகளால் கிடைத்தது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சாவி இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து விழும். அவள் முன்னால் அழுகிற மாதிரி நிற்கச் சாவியக்காவுக்கு மனம் வரவில்லை. "நீங்களே சமைச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். வீராங்கனை தன் காசில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

அந்த மாதம் வேலை செய்த நாட்களுக்கான சம்பளம் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் போன் செய்தாள். ஆடிட்டர்தான் எடுத்தார். கோபமெல்லாம் இல்லை, நிதானமாகச் சொன்னார். நீங்கள் முன்கூட்டிச் சொல்லாமல் நின்றுவிட்டீர்கள், வாட்ச்மேனிடமே சொல்லியிருக்கிறீர்கள், நின்றவர்தான் எங்களுக்கு நோட்டீஸ் தந்திருக்க வேண்டும், அதற்கு இந்தச் சம்பளம் சரியாகப் போயிற்று.

மகளின் விடுதிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் அது. சாவியக்கா போனை வைத்தாள். தன் வாயால் கெட்டது என்று நினைத்தாள். உண்மைதான், யார் இல்லை என்றது?

தையற்கடை மாடியில் சங்கத்து அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள். நிறுத்தினார்களா, நின்றாயா? "நானே..." என்று ஆரம்பித்த சாவியக்கா முடிக்கவில்லை.

"நீயே நின்னிருந்தா எனக்கு இதுல வேல இல்ல" என்றாள் சங்கத்து அக்கா. "அவங்க நிறுத்தியிருந்தா ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லலன்னா அந்த ஒரு மாசச் சம்பளத்தக் குடுக்கணும். எது நடந்துச்சோ அதச் சொல்லு. ஆனா ஒண்ணு, இங்க என்கிட்ட சொல்றதயே அங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

எல்லார் முன்னாடியும் என்ற சொல்தான் சாவியக்காவைத் தயங்க வைத்தது. பணம் இல்லாமல் இருந்து பழக்கம் உண்டு. பெயர் இல்லாமல் இருந்து பழக்கம் இல்லை. இருந்தும் புகாரில் கையெழுத்துப் போட்டாள்.

தொழிலாளர் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. நாற்காலிகளில் பாதிக்கு முதுகு இல்லை. குறித்த நாளில் பேங்க் அம்மாவும் ஆடிட்டரும் வந்தார்கள், கூடவே சாட்சிக்கு வாட்ச்மேன், இஸ்திரி போட்ட யூனிஃபார்மில். இந்தப் பக்கம் சங்கத்து அக்காவும், துணைக்கென்று கிளம்பி வந்த நாலைந்து பெண்களும். முன்வரிசையில் வீராங்கனை. வேடிக்கை என்றால் அவள் லீவு போட்டுக்கொண்டாவது வருவாள்.

அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து, இது கோர்ட் இல்லை, பேசி முடிக்கப் பார்க்கும் இடம், முடியாவிட்டால்தான் மேலே போகும் என்று விளக்கினார். பிறகு ஆடிட்டரைப் பேசச் சொன்னார். அவர் சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசினார். வாட்ச்மேன் எழுந்து நின்று, தலையைச் சொறிந்து, "அக்கா எங்கிட்ட நானே நின்னுட்டேன்னுதான் சொன்னாங்க, நான் பொய் சொல்ல முடியாதுங்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அதிகாரி சாவியக்காவைப் பார்த்தார். அப்படிச் சொன்னீர்களா?

சாவியக்கா எழுந்து நின்றாள். உட்கார்ந்தே பேசலாம் என்றார் அதிகாரி. அவள் உட்காரவில்லை. இடுப்பில் சாவிகள் சலசலத்தன, ஒரு கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னேம்மா. வாட்ச்மேன்கிட்டயும் சொன்னேன், டீக்கடையிலயும் சொன்னேன், எம் பொண்ணுகிட்டயும் அதத்தான் சொன்னேன். பொய் சொன்னேன். என்னை நிறுத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமை லீவு எடுத்ததுக்கு நிறுத்திட்டாங்க. நிறுத்திட்டாங்கன்னு சொன்னா, என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனப்பாங்கன்னு பயந்துதான் அப்பிடிச் சொன்னேன். நான் ஒரு தப்பும் பண்ணலம்மா."

வீராங்கனை தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் எதைச் சொன்னாலும் வேலை செய்த நாட்களுக்கான கூலியை நிறுத்திவைக்க முடியாது, அது தனி என்று ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு, அதிகாரி பேங்க் அம்மாவிடம் திரும்பினார். சாவியை அவர் கொடுத்தாரா, நீங்கள் கேட்டீர்களா? ஆடிட்டர் வாயைத் திறந்தார். அம்மாவே சொல்லட்டும் என்றார் அதிகாரி.

பேங்க் அம்மா மடியிலிருந்த கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். பொய் சொல்லியிருக்கலாம். சாட்சிக்கு வேறு யாரும் இல்லை. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

"நான்தான் கேட்டேன்."

பூட்டை மாற்றினீர்களா? இல்லை. மறுநாள் வரச் சொன்னீர்களா? இல்லை. அவர் போன பிறகு, ஏன் வரவில்லை என்று போன் செய்தீர்களா? அதுவும் இல்லை.

"நிறுத்துறேன்னு நான் ஒரு வார்த்த சொல்லல மேடம்" என்றார் பேங்க் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. "ஒன்பது வருஷம். மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல."

"மனசு வராதுன்னுதாம்மா சட்டத்துல ஒரு மாசம் குடுத்திருக்கு" என்றார் அதிகாரி. "சொல்லிட்டு, ஒரு மாசம் வேல குடுத்து, அனுப்பணும். சாவிய வாங்குறது நோட்டீஸ் ஆகாது."

அதன் பிறகு அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வேலை செய்த நாட்களுக்கான சம்பளம், நோட்டீசுக்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம், இரண்டையும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு அரை நாள் பற்றியும் பேச்சு வந்தது. இரண்டு பாதித் தூக்கம் ஒரு தூக்கமாகுமா என்று அதிகாரி கேட்டபோது ஆடிட்டரே சிரித்துவிட்டார். வெளியே வராந்தாவில் பேங்க் அம்மா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, திங்கட்கிழமையிலிருந்து வருகிறீர்களா, மாமா உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றார். சாவியக்காவுக்கு அந்தக் கிழவரை நினைத்து மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்து, வேண்டாம் என்றாள். கோபத்தில் இல்லை. கழற்றிய சாவியைத் திரும்ப மாட்ட அவளுக்குக் கை வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பெண்கள் எல்லாரும் அவளைத் தட்டிக்கொடுத்துப் பேசிக்கொண்டு வந்தார்கள், வீராங்கனையைத் தவிர. அவள் வாய் மூடியிருந்ததே ஓர் அதிசயம். இறங்கவேண்டிய நிறுத்தம் நெருங்கும்போது அவள் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"என்னையும் நிறுத்தத்தான் செஞ்சாங்க."

எந்த வீட்டில் என்று யாரோ கேட்டார்கள்.

"எல்லா வீட்லயும்" என்றாள் வீராங்கனை.

சாவியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவளைப் பார்த்து வீராங்கனைக்கும். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொருத்தி, மூணாவது மாடி வீட்டிலிருந்து தானும் தானாக நிற்கவில்லை என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சலென்று இரண்டு நாள் போகாததற்குச் சாவியைக் கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் இறங்கிய பிறகும் அவர்கள் கலைந்து போகவில்லை. அடுத்த வாரம் தையற்கடை மாடியில் நாற்காலி போதாமல் படியில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது மாடியில் ஒரு பல் டாக்டர் வீட்டில் ஆள் தேடினார்கள். சாவியக்கா போனாள். எதிர்பார்த்த கேள்விதான் வந்தது. முன்பிருந்த வீட்டை ஏன் விட்டீர்கள்? பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "நிறுத்திட்டாங்கம்மா" என்றாள். "ஞாயித்துக்கிழமை முழு லீவு கேட்டேன். இங்கயும் கேப்பேன். நீங்க நிறுத்தறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி சொல்லுங்க, நான் நிக்கறதா இருந்தாலும் ஒரு மாசம் முன்னாடி சொல்வேன்."

பல் டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணப்போகிறாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. பிறகு அவர், மற்ற நாட்களில் காலை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டார்.

பேங்க் அம்மா வீட்டுக்கும் ஒரு புதுப் பெண் வந்தாள். சேர்ந்த அன்றே அவளிடம் ஞாயிறு வரவேண்டாம் என்று சொன்னார்களாம். வாட்ச்மேன் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, தனக்கு வாரத்தில் எந்த நாள் லீவு என்று சங்கத்து அக்காவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

புது வேலையின் முதல் ஞாயிறு சாவியக்கா விடியும் முன்பே எழுந்தாள். குளித்தாள், சோறு கட்டினாள், சாவி வளையத்தை வழக்கம்போல இடுப்பில் செருகினாள். கதவருகே போனவள் நின்று, அதை எடுத்துச் சுவரில் ஆணியில் மாட்டினாள். தன் வீட்டுச் சாவியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

விடுதியின் மரத்தடியில் மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். சாவியக்கா பக்கத்தில் போய் நின்றது அவளுக்குத் தெரியவே இல்லை. தோளைத் தொட்டபோது திடுக்கிட்டுத் திரும்பினாள், உடனே கண் இடுப்புக்குப் போனது.

"சத்தமே கேக்கலயேம்மா. சாவியெல்லாம் எங்க?"

"வீட்ல" என்றாள் சாவியக்கா, சோற்றுப் பையை இறக்கி வைத்துக்கொண்டே. "இன்னிக்கு எனக்கு லீவு."